புதுப்பிப்பு: தவறான இன்வாய்ஸுக்கு கிரெடிட் நோட் போட்டாச்சு

என் பழைய கேள்வி: "40 பெட்டி அனுப்பிட்டு 44-க்கு எங்க கம்பெனி பில் போட்டிருக்கு. வாடிக்கையாளர் பணமும் கட்டிட்டாங்க. எப்படித் திருத்துறது?"

அதே எண்ணில் திருத்திய பிடிஎஃப் அனுப்பச் சொன்னார் ஒருவர். பணம் கட்டாத, கணக்கில் ஏறாத பில்லாக இருந்தால் ரத்து செய்துவிட்டுப் புது எண்ணில் போடலாம். இது போன காலாண்டு ஜிஎஸ்டி கணக்கிலேயே இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. அதனால் கூடுதலாகப் போட்ட தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்தான் சரி என்று விளக்கிய தணிக்கையாளர் அக்காவுக்கு நன்றி.

பெட்டி 25 வெள்ளி. கூடுதலான 4 பெட்டிக்கு 100, அதற்கு 9% ஜிஎஸ்டி 9, ஆக 109 வெள்ளி. பலர் அந்த 9 வெள்ளியை விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால்தான் நாங்கள் கட்டிய வரியும் அவர்கள் கழித்துக்கொண்ட வரியும் சேர்ந்தே குறையும். பழைய இன்வாய்ஸ் எண், தேதி, காரணம் மூன்றையும் நோட்டிலேயே எழுதினேன்.

மின்னஞ்சல் இவ்வளவுதான்: "வணக்கம் மேடம். டெலிவரி ஆர்டரில் 40 பெட்டி. எங்கள் பில்லில் தவறாக 44. மன்னிக்கவும். 109 வெள்ளிக்கான கிரெடிட் நோட் இணைத்துள்ளேன். பணமாகத் திருப்பவா, அடுத்த பில்லில் கழிக்கவா?"

பில் குறைவாகப் போட்ட தன் கதையைச் சொன்ன தம்பிக்கு: அதற்கு டெபிட் நோட் அல்லது கூடுதல் இன்வாய்ஸ், கிரெடிட் நோட் உதவாது.

மேடம் நன்றி சொல்லிவிட்டார். பணமா, கழிவா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.