சுவரில் இறுகின அங்கர் போல்ட், வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உதவுங்கள்

குளக்கரை:
கிளிநொச்சியில் மேல்மாடி வாடகை வீடு. மாதமுடிவில் திறப்பைக் கொடுக்க வேண்டும். டிவி மாட்டிய நாலு போல்ட்டில் மூன்று வந்துவிட்டன. நாலாவது, 10 மில்லிமீற்றர், அசையவில்லை. நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது. பிளையரால் இழுத்ததில் சிரட்டை அளவுக்குப் பூச்சு வெடித்துவிட்டது. சீமெந்துக் கல் சுவர். என்ன செய்யலாம்?

முறிகண்டியான்:
கிரைண்டரால் சுவர் மட்டத்துக்கு வெட்டி, மேலே புட்டி பூசிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

சாந்தகப்பை:
வெட்டுவது சரி, தம்பி. ஆனால் சுவர் மட்டத்தில் நிறுத்தினால், மாரி ஈரத்தில் அந்த இரும்பு துருப்பிடித்து, பெயின்றுக்கு மேலே மஞ்சளாய்க் கசியும்.

குளக்கரை, முதலில் வொஷருக்குக் கீழே தட்டை ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே நட்டைத் திருப்புங்கள். போல்ட்டின் உள்முனையில் இருக்கிற கூம்பு, அதைச் சுற்றியுள்ள குழாயில் பிடித்தால் நட் கழலும். நட்டும் வொஷரும் போனபிறகு இழுக்காதீர்கள். அந்தப் போல்ட் இழுக்க இழுக்க விரிகிற சாமான். சுத்தியலால் உள்ளே தட்டுங்கள். கூம்பு குழாயை விட்டு விலகினால் பிடி தளரும், அப்புறம் குழாயைப் பிளையரால் எடுக்கலாம். உங்கள் கல் பொள் கல்லென்றால் போல்ட் உள்ளே விழுந்துவிடும். விழட்டும், வெளியே எடுக்கத் தேவையில்லை.

நட் கழலவே இல்லையென்றால் வெட்டுங்கள். மிச்சத்தைப் பூச்சுக்குள் ஒரு சென்றிமீற்றர் ஆழத்துக்கு அடித்து இறக்கி, துரு தடுக்கும் பிறைமர் தடவுங்கள்.

வானம்பாடி:
எனக்கும் இதே கரைச்சல்! குளியலறை டைல்ஸில் பிளாஸ்டிக் பிளக் உடைந்து நிற்கிறது. புட்டி வைக்கலாமா?

சாந்தகப்பை:
அது வேறு வேலை, பிள்ளை. ஈரமான இடத்துக்குப் புட்டி நிற்காது. டைல்ஸ் இடைவெளிக்குப் பூசுகிற கலவையால் அடையுங்கள்.

குளக்கரை:
நெம்பினதும் கழன்றது, அண்ணை! இரண்டு தட்டில் போல்ட் உள்ளே விழுந்தது, சத்தமும் கேட்டது. இனி அந்தச் சிரட்டைக் குழியை நேரே புட்டியால் நிரப்பவா?

சாந்தகப்பை:
வேண்டாம். தடிப்பாய் வைத்த புட்டி காயும்போது சுருங்கி வெடிக்கும். விரலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெறுமையாய்க் கேட்கிற பூச்சு எல்லாம் வர வேண்டும். போல்ட் ஓட்டையில் கடதாசியைத் திணியுங்கள், சாந்து உள்ளே போகாமல் இருக்கும். குழியை நன்றாய் நனையுங்கள். இந்த வெயிலில் காய்ந்த கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். சீமெந்து ஒன்றுக்கு அரித்த மணல் மூன்று கலந்து, சுவர் மட்டத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் தாழப் பூசுங்கள். இரண்டு நாள் தண்ணீர் தெளித்து, நன்றாய்க் காய்ந்தபிறகு புட்டி, மெல்லிசாய் இரண்டு தடவை. 120 ஆம் இலக்கச் சான்ட் பேப்பர், பிறகு 220. டோர்ச்சைச் சுவரோடு சரித்துப் பிடித்தால் மேடு பள்ளம் தெரியும்.

முறிகண்டியான்:
பெயின்ற் அந்த இடத்துக்கு மட்டும் போதுமே.

சாந்தகப்பை:
வெள்ளைச் சுவருக்குக்கூட வட்டம் தெரியும், பழைய பெயின்ற் மங்கியிருக்கும். பிறைமர் அடித்து, மூலைக்கு மூலை முழுச் சுவரும் அடிப்பதுதான் நல்லது.

குளக்கரை:
புட்டி வரை முடிந்தது, தடவிப் பார்த்தால் தெரியவில்லை. சுவர் இளம்பச்சை. எந்தப் பச்சை என்று வீட்டுக்காரருக்கே நினைவில்லை. உரிந்த துண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோகிறேன், பார்ப்போம்.