புதுப்பிப்பு: ஓடிஎஸ் என்ற ஒருமுறைத் தீர்வுக் கடிதம் திருத்தி வந்தது

முன்பு கேட்டது: "அப்பாவின் விசைத்தறிக் கடன் வாராக்கடன் ஆகிவிட்டது. 1,90,000 ரூபாய் கட்டினால் முடித்துக்கொள்கிறோம் என்று வங்கி கடிதம் கொடுத்திருக்கிறது. நம்பிக் கட்டலாமா?"

உடனே கட்டவில்லை. நகரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரிடம் கடிதத்தைக் காட்டினேன். "தொகை சரி தம்பி, மிச்சம் 1,50,000 என்ன ஆகுதுன்னு எங்கே இருக்கு?" என்றார். உண்மைதான். 'தீர்வுத் தொகை 1,90,000' என்று மட்டுமே இருந்தது. மீதி அசல், வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு தள்ளுபடி என்ற வரியே இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் கட்டிய பணத்தை வெறும் தவணையாக வரவு வைத்துவிட்டு, மிச்சத்தை நாளை கேட்கலாம்.

கெடுவையும் கவனிக்கச் சொன்னார். 30-ஆம் தேதிக்குள் பணம் வங்கிக் கணக்கில் 'வரவாக' வேண்டும். காசோலையை 29-ஆம் தேதி கொடுத்தால் போதாது. ஒரு நாள் தவறினாலும் சலுகை ரத்து, முழுக் கடனும் திரும்ப நிற்கும்.

"கட்டிட்டா சிபில் சுத்தமாயிடும்" என்றார் சித்தப்பா. கடன் முடியும், ஆனால் அறிக்கையில் 'Settled', அதாவது முழுதும் கட்டாமல் பேசி முடித்தது என்றுதான் வரும்.

விட்டுப்போன வரிகளைச் சேர்த்துத் தரச் சொல்லி வங்கியில் மனு கொடுத்தோம். இப்போது வந்த கடிதத்தில் கடன் எண், தள்ளுபடித் தொகை, கணக்கை முடித்து நிலுவையில்லாச் சான்று தருவோம் என்ற உறுதி எல்லாம் முத்திரையோடு இருக்கின்றன. ஜாமீன் போட்ட மாமாவின் விடுவிப்பு மட்டும் இன்னும் எழுத்தில் வரவில்லை. திங்கட்கிழமை அதைக் கேட்டு வாங்கிய பிறகே நெஃப்டில் பணம் அனுப்புவோம்.