ஒரே ஆடுகளம் இருவருக்குப் பதிவாகிறது: நான் முதலில் படிக்க வேண்டியது ஃபிரன்ட்எண்டா, பேக்எண்டா?

மூன்றாமாண்டு_மாணவி:
கல்லூரியின் இறகுப்பந்து ஆடுகளத்தை மணிக்கணக்கில் முன்பதிவு செய்ய ஒரு தளம் கட்டியிருக்கிறேன். முன்பக்கம் ரியாக்ட், பின்னால் எக்ஸ்பிரஸும் எஸ்க்யூலைட்டும். பெரும்பகுதி காணொளி பார்த்து எழுதியது. இரண்டு கோளாறுகள் தீரவில்லை. பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் மறுபடி ஏறுகிறது, முகவரிப் பட்டியில் `?day=...&slot=18` என்று ஒட்டிக்கொள்கிறது. பதிவு சில நேரம் நடக்கிறது, சில நேரம் நடப்பதில்லை. அடுத்து, மாலை 6 மணி ஆட்டம் நேற்று இரண்டு பேருக்குப் பதிவாகிவிட்டது. இருவரும் மட்டையோடு வந்து நின்றார்கள். வேலைக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. எந்தப் பக்கத்தை முதலில் படிப்பது?

வண்ணத்திரை:
பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் `disabled` ஆக்கிவிடுங்கள். இரட்டைப் பதிவு நின்றுவிடும். பேக்எண்டுக்குப் போகவே தேவையில்லை.

இரவுப்பணி:
ஒரே ஆள் அவசரத்தில் இருமுறை அழுத்துவதை அது தடுக்கும். அதனால் செய்யத்தான் வேண்டும். ஆனால் இங்கே அழுத்தியவர்கள் இரண்டு பேர், இரண்டு கைபேசிகள். ஒருவர் திரையில் பொத்தானை முடக்கினால் மற்றவர் திரைக்கு அது தெரியாது.

தங்கை, உங்கள் கோளாறுகள் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கின்றன. முதலாவது ஃபிரன்ட்எண்ட். படிவத்தை அனுப்பினால் உலாவி வேறு பக்கத்துக்குப் போவதுதான் எச்டிஎம்எல்லின் இயல்பு. `method` எழுதாவிட்டால் நிரப்பியதை முகவரியில் ஒட்டிக்கொண்டு போகும். உங்கள் கோரிக்கை கிளம்பிய நொடியிலேயே பக்கம் மாறுவதால் சில பதிவுகள் பாதி வழியில் அறுந்துபோகின்றன.

```js
function handleSubmit(e) {
  e.preventDefault();
  // பிறகு fetch
}
```

இது ரியாக்டில் வந்த பிழை இல்லை, ரியாக்டுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. முன்பக்கம்தான் உங்கள் வழி என்றால், இதே பக்கத்தை ரியாக்ட் இல்லாமல் ஒருமுறை எழுதுங்கள்: வெறும் எச்டிஎம்எல் படிவம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நிகழ்வுகள். ஒரு வாரத்தில் முடியும். அதன்பின் ரியாக்ட் எதை உங்களுக்காகச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது பேக்எண்ட். உங்கள் நிரல் முதலில் `SELECT` போட்டு இடம் காலியா என்று பார்த்து, பிறகு `INSERT` செய்கிறதா?

மூன்றாமாண்டு_மாணவி:
ஆமாம், அப்படித்தான் இருக்கிறது.

இரவுப்பணி:
அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் காரணம். இருவர் கேட்டபோதும் காலியாக இருந்தது, இருவரும் எழுதிவிட்டார்கள். நீங்கள் தனியாகச் சோதித்தால் இது வரவே வராது. காவலை அட்டவணையிடமே ஒப்படையுங்கள்:

```sql
CREATE UNIQUE INDEX one_slot
ON bookings (court, day, slot);
```

இரண்டாவது வரி இனி உள்ளே போகாது, பிழை எழும். அதைப் பிடித்து `409` என்று பதில் அனுப்புங்கள். பின்பக்கம் போக விரும்புகிறவர் எக்ஸ்பிரஸைவிட முதலில் பழக வேண்டியது இதைத்தான்: அட்டவணை வடிவமைப்பு, கையால் எழுதும் எஸ்க்யூஎல், எந்த நிலைக்கு எந்த எச்டிடிபி எண் என்பது.

பழைய_ஜாவா:
நான் ஆறு ஆண்டுகள் ஜாவாவில் பேக்எண்ட் செய்கிறேன். எஸ்க்யூஎல் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவருக்கு எக்ஸ்பிரஸ் ஓடும் நோட் சரிவருமா? எங்கள் நிறுவனத்தில் நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் ஜாவாதான் கேட்கிறோம்.

வண்ணத்திரை:
என் அனுபவம் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே இருபக்கமும் உதவும். எதற்கு இரண்டாவது மொழி?

மூன்றாமாண்டு_மாணவி:
மொழிச் சண்டைக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த எஸ்க்யூஎல் வரி முதலில் ஓடவில்லை. ஏற்கெனவே இரட்டையாகக் கிடந்த வரிகளை நீக்கிய பிறகே ஏற்றது. இப்போது அட்டவணையில் ஒன்றுதான் விழுகிறது. ஆனால் தோற்றவரின் திரையும் “பதிவாகிவிட்டது” என்கிறது! நெட்வொர்க் பட்டியலில் 409 தெளிவாகத் தெரிகிறது.

இரவுப்பணி:
`fetch` 409-ஐத் தோல்வியாக எண்ணாது. சேவையகத்திடமிருந்து ஏதோ ஒரு பதில் வந்தால் அதற்குப் போதும். உங்கள் `catch` பகுதி ஓடாது. `response.ok` உண்மையா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் “இந்த நேரத்தை வேறொருவர் எடுத்துவிட்டார்” என்று காட்டி, பட்டியலைப் புதுப்பியுங்கள். நெட்வொர்க் பட்டியலைத் திறந்து பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம். அங்கே பதில் சரியாக இருந்து திரை தவறினால் பிழை முன்பக்கம். கோரிக்கை சரியாகப் போயும் பதிலே தவறாக வந்தால் பின்பக்கம்.

மூன்றாமாண்டு_மாணவி:
சரியாகிவிட்டது, அண்ணா. தோழி கைபேசியிலும் என் கைபேசியிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தோம். அவளுக்குக் கிடைத்தது, எனக்குச் செய்தி வந்தது. அட்டவணை அந்த வரியை மறுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிக மகிழ்ச்சி. இந்தப் பருவம் எஸ்க்யூஎல்லோடு உட்காரப்போகிறேன். ஜாவாவா நோடா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய_ஜாவா:
பதிவை ரத்து செய்தால் அந்த வரியை நீக்குகிறீர்களா, “ரத்து” என்று குறித்து வைக்கிறீர்களா? குறித்து வைத்தால் அந்த நேரத்தை இனி யாருமே எடுக்க முடியாதே.

மூன்றாமாண்டு_மாணவி:
குறித்துத்தான் வைக்கிறேன். இப்போதே பார்க்கிறேன்.