சூடேற்றிய குருந்தம், அதாவது மாணிக்கமும் நீலக்கல்லும்: நிறம் மாறியதை நேரில் கண்டவர்கள் பகிரவும்

பட்டைதீட்டி: மியன்மாரின் மோங் ஷு கற்களைக் கையாண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். படிகத்தின் ஓரம் சிவப்பாகவும் நடுப்பகுதி கருநீலமாகவும் இருந்தன. உலையிலிருந்து எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது நடுவிலும் சிவப்பே தெரிந்தது. நீலத்தின் சுவடே இல்லை. நீலம் மட்டும் போய்ச் சிவப்பு எப்படித் தங்கியது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

நீலப்பிரியை: நான் கண்டது இதற்கு நேர்மாறு. இலங்கையின் கெவுடா எனப்படும் பால்வெள்ளைக் கல் உலையிலிருந்து தெளிந்த நீலமாக வெளிவந்தது. சூடு நீலத்தைக் கொண்டுவருமே தவிர நீக்காது. உங்கள் கல்லில் இருந்தது வெறும் அழுக்காக இருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தான்: இருவரும் கண்டது உண்மைதான், ஆனால் அழுக்கு என்பதை ஏற்க இயலாது. தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதிலுள்ள அலுமினியத்தின் இடத்தில் சிறிதளவு குரோமியம் அமர்ந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் அருகருகே அமர்ந்து, ஒளி படும்போது இரும்பின் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவினால் நீலம் தோன்றுகிறது. கெவுடாவின் பால்நிறத்துக்குக் காரணமான நுண்ணிய ரூட்டைல் ஊசிகள் 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் கரைந்து, டைட்டானியத்தைப் படிகத்துக்குள் விடுகின்றன. உலையில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் இரும்பும் எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய நிலைக்கு வருகிறது. மோங் ஷு கல்லை ஆக்சிஜன் உள்ள காற்றில் சுடுகிறார்கள். அப்போது இரும்பு அந்த எலக்ட்ரானை இழந்துவிடுவதால் நீலம் அணைந்துபோகிறது. குரோமியம் அசையாமல் இருக்கிறது. எனவே சிவப்பு நிற்கிறது. நிறத்தைத் தீர்மானிப்பது சூடு மட்டுமன்று, உலைக்குள் இருக்கும் காற்றும்தான். மிகுந்த சூடு பட்ட கல்லில் ஊசிகள் அறுந்து புள்ளிவரிசைகளாகத் தெரியும். உள்ளிருக்கும் சிறு படிகங்களைச் சுற்றி வட்டத்தட்டு போன்ற விரிசல்கள் இருக்கும்.

மோதிரக்காரி: சூடேற்றிய மாணிக்கம் பாதுகாப்பானதா என்றுதானே கேட்கிறீர்கள்? என் மோதிரத்தைப் பழுதுபார்த்தவர் கல்லைக் கழற்றாமலே வெண்காரம் தடவிப் பற்றவைத்தார். கல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கிவிட்டது. ஆகவே எல்லோரும் பற்றவைக்கும் முன் கல்லைக் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். விரிசலில் ஈயக்கண்ணாடி நிரப்பிய கல்லாக இருந்தால் அமிலத்தில் போடவே விடாதீர்கள். கண்ணாடி அரித்து விரிசல் வெளியே தெரியும்.

ஆய்வுக்கூடத்தான்: கேள்வி அதுவன்று, ஆயினும் நீங்கள் சொன்னது சரியே. உருகிய வெண்காரம் குருந்தத்தைக் கரைக்கும். மோங் ஷு கற்களைச் சுடும்போது அதைச் சேர்ப்பதும் விரிசல்களை ஒட்டவைக்கத்தான். ஒட்டிய இடத்தில் கண்ணாடித் துணுக்குகள் எஞ்சியிருக்கும்.

பட்டைதீட்டி: ஆயிரம் டிகிரிக்கும் குறைந்த சூட்டில் ஊதாச் சாயலை மட்டும் நீக்கிய மாணிக்கத்தில் ஊசிகள் அப்படியே இருக்குமே, அதை எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

ஆய்வுக்கூடத்தான்: உருப்பெருக்கி அங்கே போதாது. அகச்சிவப்பு நிறமாலை சில கற்களில் தடயம் காட்டும். வேறு சிலவற்றில் ஒன்றுமே காட்டாது. அத்தகைய கல்லுக்குச் ‘சூடேற்றியதற்கான அறிகுறி இல்லை’ என்று எழுதலாமே ஒழிய, ‘சூடேற்றப்படவில்லை’ என்று நான் கையெழுத்திட மாட்டேன்.

நீலப்பிரியை: அப்படி எழுதினால் வாங்குபவர் இரண்டையும் ஒன்றாகத்தானே படிப்பார்?