செய்திக் குறிப்பில் ஒரு இலாபம், ஆண்டறிக்கையில் இன்னொரு இலாபம்: எதை எழுதுவது?

ஒலுவில் மாணவி
அசைன்மென்ட்டுக்குக் கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள ஒரு குழுமத்தை எடுத்திருக்கிறோம். நிதியாண்டு 2023 மார்ச் 31இல் முடிகிறது. செய்திக் குறிப்பில் இலாபம் 320 கோடி. ஆண்டறிக்கையில் 241 கோடி. குழுவில் ஒருவர் 181 கோடி என்கிறார். அவர் பார்த்ததும் அதே பக்கம்தான்.

கல்லடி கணக்காளர்
தங்கச்சி, மூன்றும் சரியாக இருக்கலாம். அறிக்கையின் பின்பாதியில் வருமானக் கூற்றைத் திறந்து, தலைப்புக்குக் கீழே இருக்கிற `Group`, `Company` என்ற இரண்டு பத்திகளையும் பாருங்கள். `Rs. '000` என்று போட்டிருந்தால் எண்கள் ஆயிரத்தில். அப்போது 2,410,780 என்றால் ஏறக்குறைய 241 கோடி.

320 கோடி வரிக்கு முந்திய இலாபமாக இருக்கும். 241 கோடி வரி கழித்த குழும இலாபம். 181 கோடி தாய்க் கம்பனியின் பத்தியில் இருந்து வந்திருக்கும். வரிக்கு முன்னா பின்னா, எந்தப் பத்தி என்று சொல்லாமல் ‘இலாபம்’ என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு மூன்றில் எது என்று தெரியாது.

ஒலுவில் மாணவி
ஆம், 181 கோடி `Company` பத்தியில்தான் இருக்கிறது. செய்திக் குறிப்பில் ‘வரிக்கு முன்’ என்பது இரண்டாம் பந்தியில் ஒரே ஒரு தடவைதான். ஆனால் இலாப வீதம் 3.8 என்று ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டோம்.

கல்லடி கணக்காளர்
குழும வருமானம் எவ்வளவு?

ஒலுவில் மாணவி
48,215,630. கம்பனி வருமானம் 12,940,115.

கல்லடி கணக்காளர்
கம்பனி இலாபத்தைக் குழும வருமானத்தால் வகுத்திருக்கிறீர்கள். மேலும் கீழும் ஒரே பத்தியில் இருந்து வர வேண்டும். குழுமத்துக்கு 5.0 வீதம், கம்பனிக்கு 14.0 வீதம் வரும்.

14ஐப் பார்த்து ‘தாய்க் கம்பனி திறமையாக நடக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். துணைக் கம்பனிகள் கொடுக்கும் பங்கிலாபம் தாய்க் கம்பனியின் இலாபத்தில் சேர்ந்துவிடும். குழுமக் கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே கழிந்துவிடும். குழுமத்தின் தொழிலைப் பற்றிய கேள்விக்கு `Group` பத்திதான்.

சம்மாந்துறை நானா
என்ன குழப்பம்? ஆண்டறிக்கை முழுக்கக் கணக்காய்வு செய்தது. அதில் எந்தப் பக்கத்து எண்ணையும் எடுக்கலாம்.

கல்லடி கணக்காளர்
பாதி சரி, நானா. கணக்காய்வாளர் கருத்துச் சொல்வது நிதிக் கூற்றுகளுக்கும் குறிப்புகளுக்கும்தான். தலைவர் செய்தி, முன்பக்க வரைபடங்கள், ‘சந்தையில் முதலிடம்’ என்ற வரிகள் அதற்குள் வராது. நிதிக் கூற்றுகளோடு முரண்படுகிறதா என்று வாசித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த வரி தேவையென்றால் ‘கம்பனி தன்னைப் பற்றிக் கூறுவதன்படி’ என்று சேர்த்து எழுதலாம். காலாண்டுக் கூற்றுகளில் மேலே `Unaudited` இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்பாறை பீ.கொம்.
எங்கள் கேஸ் ஒரு தனியார் அரிசி ஆலை. ஆண்டறிக்கையே இல்லை, முதலாளி வாயால் சொன்ன தொகைதான். அதை எப்படிப் போடுவது?

வந்தாறுமூலை உதவி விரிவுரையாளர்
கேள்வி வேறு, ஆனாலும் சுருக்கமாக: ஏபிஏ முறையில் அது தனிப்பட்ட தொடர்பாடல். உரைக்குள் யார், எந்தத் திகதி என்று காட்டுவீர்கள்; பட்டியலில் வராது. பெயரை வெளியிட அவர் சம்மதம் வேண்டும்.

ஒலுவில் தங்கச்சிக்கு: 2022/23 அறிக்கை 2023இல் வெளிவந்திருந்தால் உரைக்குள் இப்படி:

```
(ABC Holdings PLC, 2023, p. 184)
```

வசனத்தில் ‘2023 மார்ச் 31இல் முடிந்த ஆண்டில்’ என்று தனியாக எழுதுங்கள், ஏனென்றால் அடைப்புக்குள் வருவது வெளியிட்ட ஆண்டு. 184 என்பது தாளில் அச்சிட்ட எண். பிடிஎப் பெட்டியில் அதே பக்கம் 187 என்று காட்டலாம், அட்டையையும் எண்ணுவதால். வீதத்தை நீங்கள் கணித்தால் ‘ஆண்டறிக்கைத் தரவிலிருந்து கணிக்கப்பட்டது’ என்று அட்டவணைக்குக் கீழே சொல்ல வேண்டும். 5.0 வீதம் அறிக்கையில் அச்சாகவில்லை.

இணையத்தளத்தில் ‘எங்கள் கிளைகள்’ என்ற எண் நாளை மாறிவிடும். அந்தப் பக்கத்தை web.archive.org இல் சேமித்து, பார்த்த திகதியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒலுவில் மாணவி
இன்னொன்று. செய்திக் குறிப்பு ‘22 வீத வளர்ச்சி’ என்கிறது. கடந்த வருட அறிக்கையை வைத்துக் கணித்தால் 22 வரவில்லை.

கல்லடி கணக்காளர்
இந்த வருட அறிக்கையில் கடந்த வருடப் பத்திக்கு மேலே `Restated` இருக்கிறதா? பழைய எண்ணைத் திருத்தியிருந்தால் காரணம் குறிப்புகளில் இருக்கும். வளர்ச்சிக்குத் திருத்திய எண்ணையே எடுப்பேன்.

வந்தாறுமூலை உதவி விரிவுரையாளர்
இரண்டு வருட ஒப்பீட்டுக்கு அது சரி. ஐந்து வருடப் போக்கு என்றால் முந்திய வருடங்கள் திருத்தப்படாமலே கிடக்கும். அங்கே கலந்து போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கல்லடி கணக்காளர்
நான் போடுவேன், அந்த இடத்தில் அடிக்குறிப்போடு. தங்கச்சி, உங்கள் விரிவுரையாளரிடம் கேளுங்கள். முதலில் அந்த 22 வரிக்கு முந்திய இலாபத்துக்கா என்று பாருங்கள்.