அந்தமான் தொகுப்புச் சுற்றுலா: இரு விலைகளை ஒப்பிட உதவி வேண்டும்

வணக்கம். வரும் ஜனவரியில் பெற்றோருடன் நால்வராக ஐந்து இரவுகள் அந்தமான் செல்ல இரண்டு முகவர்களிடம் விலை கேட்டேன். விமானக் கட்டணம் நீங்கலாக நபருக்கு ஒருவர் 24,500 ரூபாயும் மற்றவர் 29,000 ரூபாயும் சொல்கிறார்கள்.

முதலாமவர் தருவது காலை உணவு மட்டுமே. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்கிடையிலான மூன்று கப்பல் பயணச்சீட்டுகளும் நம் பொறுப்பு என்பது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. சீட்டு ஒன்றுக்கு 1,500 ரூபாய், இரவு உணவுக்கு நாளொன்றுக்கு 350 ரூபாய் எனக் கூட்டினால் அவர் விலை 30,750 ஆகிறது. இவையெல்லாம் அடங்கிய இரண்டாவது விலையில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை, சேர்த்தால் 30,450. ஆக, 4,500 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் தலைகீழாகி வெறும் 300 ரூபாயில் வந்து நிற்கிறது.

இருவரும் தெளிவாகச் சொல்லாதது ஹேவ்லாக்கில் தரும் வண்டியைப் பற்றித்தான்: அது நாள் முழுவதும் நம்முடன் இருக்குமா, துறைமுகத்திலிருந்து விடுதிக்கும் ராதாநகர் கடற்கரைக்கும் கொண்டுவிடுவதோடு சரியா? எலிபெண்ட் பீச் படகுக் கட்டணமும் செல்லுலார் சிறை நுழைவுக் கட்டணமும் பொதுவாகத் தொகுப்பில் சேருமா? அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் தரைத்தள அறையை எழுத்தில் உறுதிசெய்து வாங்க முடியுமா என்பதையும் அண்மையில் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.