எல்லா கீஃப்ரேமுக்கும் F9 போட்டும் லோகோ நடுவில் நின்று நின்று இறங்குகிறது, என்ன தப்பு?

மந்தைவெளி மீனா

வணக்கம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம், 10 விநாடி. கடை வாசலில் இருக்கும் எல்.இ.டி. போர்டில் ஓடப்போகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்கிறேன், 1920 x 1080, 25 ஃபிரேம்.

கடையின் லோகோ ஒரு குத்துவிளக்கு. அது மேலிருந்து இறங்கி நடுவில் வந்து நிற்க வேண்டும். முதலில் ஈசிங் இல்லாமல் செய்து காட்டினேன். கடைக்காரர், "லிஃப்ட் இறங்குற மாதிரி இருக்கும்மா, விளக்கு வர்ற மாதிரி இல்லையே" என்றார். சரியாகத்தான் சொன்னார். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வரட்டும் என்று நடுவில் ஒரு கீஃப்ரேம் சேர்த்தேன். இப்போது இருப்பது இதுதான்:

```
Position Y
0  : -150
10 :  300
20 :  540
```

மூன்றையும் தேர்ந்தெடுத்து F9 அடித்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. பாதி வழியில் யாரோ பிடித்து நிறுத்தி, மறுபடி விட்டது போல இருக்கிறது. ஈசிங் போட்டால் இயல்பாக வரும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

ராயபுரம் ரகு

ப்ரோ, 25 ஃபிரேமில் வேகமாக எது நகர்ந்தாலும் வெட்டி வெட்டித்தான் தெரியும். கம்போசிஷனை 60-க்கு மாற்றுங்கள், மோஷன் பிளரைப் போடுங்கள். எனக்கு இந்த இரண்டிலேயே பாதிப் பிரச்சினை போய்விடும்.

மந்தைவெளி மீனா

அண்ணா, 60-க்கு மாற்றிப் பார்த்தேன். நகர்வு மிருதுவாகிவிட்டது, ஆனால் நடுவில் நிற்பது அப்படியே இருக்கிறது. இப்போது மிருதுவாக வந்து நிற்கிறது.

வடபழனி எடிட்டர்

மீனா, உங்கள் லோகோ நடுவில் நிற்பது போலத் தெரியவில்லை, உண்மையிலேயே நிற்கிறது. Easy Ease என்பது "இந்தக் கீஃப்ரேமில் வேகம் பூஜ்ஜியம்" என்ற கட்டளை. முதல் கீஃப்ரேமிலும் கடைசிக் கீஃப்ரேமிலும் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே பொருள் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் 10-ஆம் ஃபிரேமில் விளக்குக்கு நிற்க ஒரு காரணமும் இல்லை, அது வழியில் கடந்துபோகும் இடம். மாநகரப் பேருந்து இறங்க ஆளே இல்லாத நிறுத்தத்தில் பிரேக் அடித்து, பிறகு முதல் கியரிலிருந்து கிளம்பினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

கண்ணால் உறுதி செய்துகொள்ளலாம். Position-ஐத் தேர்ந்தெடுத்து Shift+F3 அடியுங்கள், கிராஃப் எடிட்டர் திறக்கும். அதன் கீழே உள்ள பட்டனில் Edit Speed Graph என்று தேர்ந்தெடுங்கள். இரண்டு மேடுகள் தெரியும், அவற்றுக்கு நடுவே கோடு தரையைத் தொடும். தரையைத் தொடும் இடமெல்லாம் பொருள் நிற்கும் இடம். நேராக இறங்கும் லோகோவுக்கு ஒரே ஒரு மேடுதான் இருக்க வேண்டும்.

ஆகவே நடுக் கீஃப்ரேமை அழித்துவிடுங்கள். அது செய்ய வேண்டிய வேலையை இரண்டு முனைகளும் செய்யும். ஆனால் வெறும் F9 போதாது. F9 இரண்டு பக்கமும் 33.33% செல்வாக்கைப் போடும். அந்த வளைவு முழுச் சமச்சீர்: பாதி நேரத்தில் சரியாகப் பாதித் தூரம், உச்ச வேகம் சராசரியின் ஒன்றரை மடங்கு. கிளம்புவதும் நிற்பதும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அதுவும் இயந்திரம் போலத் தெரிகிறது.

உங்கள் விளக்கு திரைக்கு வெளியே, -150-இல் கிளம்புகிறது. அது கிளம்புவதை யாரும் பார்க்கப்போவதில்லை, அங்கே மெதுவாகத் தொடங்கி ஃபிரேம்களை வீணாக்க வேண்டாம். எல்லோரும் பார்ப்பது அது வந்து அமர்வதைத்தான். முதல் கீஃப்ரேமில் ரைட் கிளிக் செய்து Keyframe Velocity திறந்து Outgoing Influence-ஐ 10 ஆக்குங்கள். கடைசிக் கீஃப்ரேமில் Incoming Influence 90. இரண்டிலும் வேகம் 0 என்றே இருக்கட்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்தத் தூரம் 690 பிக்சல், 20 ஃபிரேம். புதிய வளைவில் 4-ஆம் ஃபிரேமிலேயே பாதித் தூரம் முடிந்து Y 195-க்கு வந்துவிடும். 11-ஆம் ஃபிரேமில் 460-ஐ ஒட்டி இருக்கும். மிச்சம் 80 பிக்சலுக்கு 9 ஃபிரேம் இருக்கிறது. நீங்கள் நடுக் கீஃப்ரேம் வைத்துக் கேட்டது இதைத்தான்.

ரகு சொன்ன மோஷன் பிளர் இப்போதுதான் தேவைப்படும். ஆரம்பத்தில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 115 பிக்சல் வரை பாயும். பிளர் இல்லாமல் அது இரண்டு மூன்று விளக்குகள் போல விட்டு விட்டுத் தெரியும். லேயரிலும் டைம்லைனின் மேலேயும், இரண்டு இடத்திலும் அதை ஆன் செய்ய வேண்டும். நிறையப் பேர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள்.

வேளச்சேரி வீடியோஸ்

எனக்கும் இதே பிரச்சினைதான் சார். கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர் பக்கவாட்டில் வந்து, 2 விநாடி நின்று, அப்புறம் கீழே போக வேண்டும். நிற்க வேண்டிய 2 விநாடியும் அது நிற்காமல் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து திரும்பி வருகிறது. இரண்டு கீஃப்ரேமிலும் மதிப்பு ஒன்றுதான், பத்து முறை பார்த்துவிட்டேன். இங்கே சொன்னபடி 90 போட்டேன், மாறவில்லை.

வடபழனி எடிட்டர்

தம்பி, உங்களுடையது வேறு நோய். மீனாவுக்கு நேரத்தில் கோளாறு, உங்களுக்குப் பாதையில். Position கீஃப்ரேம்களுக்கு இடையே மென்பொருள் தானாகவே வளைந்த பாதை போட்டுவிடும். வந்த திசையும் போகும் திசையும் வேறாக இருப்பதால், ஒரே இடத்தில் உள்ள இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவே ஒரு சின்னச் சுழி உண்டாகிறது. பெயர் அந்தச் சுழியைச் சுற்றி வருகிறது. அந்த இரண்டு கீஃப்ரேம்களையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், Keyframe Interpolation, அதில் Spatial Interpolation-ஐ மட்டும் Linear ஆக்குங்கள். Temporal-ஐத் தொட வேண்டாம், தொட்டால் போட்ட ஈசிங் போய்விடும்.

வேளச்சேரி வீடியோஸ்

நின்றுவிட்டது சார்! இதற்காக ஒரு மாதமாகப் பெயரை இரண்டு லேயராக வெட்டிக்கொண்டிருந்தேன். நன்றி.

மந்தைவெளி மீனா

அண்ணா, லோகோ சரியாகிவிட்டது. அமரும் இடம் அழகாக இருக்கிறது. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கீழே "ஆடித் தள்ளுபடி தொடங்கியது" என்ற வரி கீழிருந்து எழும்ப வேண்டும். டெக்ஸ்ட் அனிமேட்டரில் Position Y 120, ரேஞ்ச் செலக்டரில் Offset -100-இலிருந்து 100 வரை, Shape-இல் Ramp Up. Offset கீஃப்ரேம்களுக்கு F9 போட்டேன். முதல் எழுத்துகள் தயங்கித் தயங்கி வருகின்றன, நடுவில் எல்லாம் ஓடிவிடுகின்றன, ஆனாலும் ஒவ்வொன்றும் வந்து சேரும்போது டக்கென்று நிற்கிறது. அதோடு "தொ"வில் கொம்பு முதலில் வந்து, "த" பின்னால் வருகிறது.

வடபழனி எடிட்டர்

நல்ல கேள்வி, இதில் பலர் வழுக்குவார்கள். Offset என்பது எழுத்துகளின் நகர்வு அல்ல, எழுத்துகள் மேல் ஓடும் அலை. அதற்கு F9 போட்டால் அலை மெதுவாகக் கிளம்பி நடுவில் ஓடி மறுபடி மெதுவாகும், நீங்கள் சொன்ன அதே கோலம். ஒவ்வொரு எழுத்தும் அமரும் விதம் அங்கே இல்லை, ரேஞ்ச் செலக்டருக்குள் Advanced-இல் இருக்கிறது.

Offset கீஃப்ரேம்களை மறுபடி லீனியர் ஆக்குங்கள். F9 போட்ட கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு ஒன்றின் மேல் கிளிக் செய்தால் ஆகிவிடும். Advanced-இல் Ease Low 100, Ease High 0. Low என்பது அனிமேட்டரின் பிடி முழுதாக விலகும் முனை, அதாவது எழுத்து தன் இடத்தில் அமரும் தருணம். அங்கே மெதுவாக்கினால் போதும்.

கொம்பு பிரிவதற்கு, அதே Advanced-இல் Based On-ஐ Words ஆக்குங்கள். மூன்றே சொற்கள்தான், சொல் சொல்லாக எழும்பட்டும். போர்டைப் பார்ப்பவர் தி.நகர் கூட்டத்தில் நடந்துகொண்டே படிக்கிறார். அவருக்கு எழுத்து எழுத்தாக வருவதைவிட இது எளிது.

ராயபுரம் ரகு

எழுத்து எழுத்தாகவே வேண்டுமென்றால் வழி இருக்கிறது. வரியை ஷேப் லேயராக மாற்றி, "தொ"வின் துண்டுகளையெல்லாம் கையால் ஒரே குரூப்பில் போட்டுவிடுவேன். நேரம் ஆகும், ஆனால் எனக்கு அந்த அழகு சொல் சொல்லாக வருவதில் கிடைப்பதில்லை.

அப்புறம் லோகோவுக்கு ஒரு யோசனை. 540-ஐத் தாண்டி 560 வரை போய் 540-க்குத் திரும்பினால் உயிர் வரும். நான் எல்லா லோகோவுக்கும் வைப்பேன்.

வடபழனி எடிட்டர்

குரூப் செய்வது சரியான வழிதான், வரி மாறாது என்று உறுதியானால். கடைக்காரர் கடைசி நாளில் "தொடங்கியது" வேண்டாம், "ஆரம்பம்" போடுங்கள் என்றால் எல்லாம் முதலிலிருந்து.

தாண்டித் திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. குத்துவிளக்கு பித்தளை, கனமான பொருள். 20 பிக்சல் தாண்டி மேலே வந்தால் ரப்பர் விளக்கு ஆகிவிடும். பலூனோ பொம்மையோ லோகோவாக இருந்தால் நானே வைப்பேன். வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள் மீனா: 560-இல் உள்ள கீஃப்ரேமில் வேகம் பூஜ்ஜியமாக இருப்பது சரி. திசை திரும்பும் இடத்தில் எந்தப் பொருளும் ஒரு கணம் நிற்கும். உங்கள் பழைய 300-இல் திசை திரும்பவில்லை, அதனால்தான் அங்கே அது தப்பாகத் தெரிந்தது.

ராயபுரம் ரகு

பித்தளை விளக்கையும் டொம்மென்று வைத்தால் ஒரு அதிர்வு இருக்கும் சார். 6 பிக்சல் போதும். 20 அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மந்தைவெளி மீனா

இரண்டு விதமாகவும் ரெண்டர் எடுத்துவிட்டேன், கடைக்காரரிடம் இரண்டையும் காட்டப்போகிறேன். சொற்கள் இப்போது அருமையாக அமர்கின்றன.

இன்று மாலை போர்டில் ஓட்டிப் பார்த்தோம். என் கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு வரும் விளக்கு, போர்டில் கடைசி மெதுவான பகுதியில் லேசாகத் துடிக்கிறது. போர்டின் பிளேயர் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று அங்கிருந்த ஆபரேட்டர் சொன்னார்.

வடபழனி எடிட்டர்

60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. சில ஃபிரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும், மெதுவான நகர்வில் அது துடிப்பாகத் தெரியும். ரகு முதலில் சொன்னதற்கு இங்கே வேலை இருக்கிறது. கம்போசிஷனை 30 ஆக்கிப் பாருங்கள், ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை வரும். ஃபிரேம் எண்கள் மாறினாலும் விநாடிக் கணக்கு அப்படியே இருக்கும், ஈசிங் கெடாது. ஆனால் துடிப்பு பிளேயரின் வேலையாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய ஒரு வெள்ளைக் கோடு மட்டும் சீரான வேகத்தில் நகரும் 5 விநாடி வீடியோவை 30-இல் எடுத்துப் போர்டில் ஓட்டுங்கள். அதுவும் துடித்தால் உங்கள் கீஃப்ரேமில் இனிமேல் தேட வேண்டாம், ஆபரேட்டரிடம் பேசுங்கள்.

மந்தைவெளி மீனா

நாளை காலை கடை திறக்கும் முன் அந்தக் கோட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் அண்ணா.